பண்டிகைக்கு மட்டும் கூட்டம் வரும் இணையக் கடை: சர்வரை வாடகைக்கு எடுப்பதா, மேனேஜ்டு ஹோஸ்டிங்குக்குப் போவதா?

ஆடி பிறந்ததும் சின்ன இணையக் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். போன தீபாவளிக்குத் தளம் படுத்துவிட்டது, இந்த ஆண்டு என்ன செய்வது? ஒருவர் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சர்வர் கிடைக்கிறது என்கிறார். இன்னொருவர் அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்து மேனேஜ்டு ஹோஸ்டிங் வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார். இரண்டு பேருமே பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சர்வர் வாடகை என்று இங்கே சொல்வது வி.பி.எஸ். எனப்படும் மெய்நிகர் சர்வரை. உபுண்டு மட்டும் போட்ட வெறும் இயந்திரம் கைக்கு வரும். வெப் சர்வர், பி.எச்.பி., டேட்டாபேஸ், கேச், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. மேனேஜ்டு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் அதே வகை இயந்திரம்தான் அடியில் இருக்கும். அதை நிறுவுவது, பாதுகாப்பு அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, விழுந்தால் எழுப்புவது ஆகியவற்றை ஒரு நிறுவனம் செய்யும். நமக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பலகை கிடைக்கும்.

தனி இயந்திரம் முழுவதையும் வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. அதைத் தீபாவளிக்குப் பெரிதாக்கிப் பொங்கலுக்குப் பின் சிறிதாக்க முடியாது என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும், இந்த வரிசையில்:

1. கூட்டம் அதிகமான அந்த ஒரு மணி நேரத்தில் செக்அவுட் பக்கம் தாங்குமா?
2. சீசனுக்குப் பெரிதாக்கி, சீசன் முடிந்ததும் சிறிதாக்க முடியுமா?
3. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு விழுந்தால் எழுப்புவது யார், அதற்குள் எத்தனை ஆர்டர் தொலையும்?
4. ஆள் கூலியும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்?

விலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் மூன்றுக்கும் விடை தெரியாமல் போடும் விலைக் கணக்கு எப்போதும் வாடகைச் சர்வர் பக்கமே சாயும்.

## ஒரு கடையின் கணக்கு

ஆரணியிலிருந்து கைத்தறிப் பட்டுச் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், 600 சேலைகள். சாதாரண மாதத்தில் 150 ஆர்டர், தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில் 1,200 ஆர்டர். மாதக் கணக்கில் பார்த்தால் எட்டு மடங்குதான். ஆனால் சர்வருக்கு மாதக் கணக்கு தெரியாது. ஞாயிறு மாலை புதுச் சேலைப் படங்களோடு வாட்ஸ்அப்பில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் செய்தி போகிறது. அடுத்த 15 நிமிடத்தில் 1,500 பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஆறு பக்கம் பார்க்கிறார்கள். மொத்தம் 9,000 பக்கம், அதாவது விநாடிக்குப் பத்து.

இப்போது இரண்டு கோர், 4 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேச் இல்லாமல் ஒரு வூகாமர்ஸ் பக்கத்தைத் தயாரிக்கச் சுமார் 0.4 விநாடி சி.பி.யூ. நேரம் பிடிக்கிறது என்று வைத்தால், இரண்டு கோரும் சேர்ந்து விநாடிக்கு ஐந்து பக்கம்தான் தரும். வருவது பத்து, முடிவது ஐந்து. ஒவ்வொரு விநாடியும் வரிசையில் ஐந்து பேர் சேர்கிறார்கள். ஒரு நிமிடத்தில் வரிசை 300 ஆகிவிடும், புதிதாக வருபவர் 60 விநாடி காத்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் பி.எச்.பி.யின் பதிலுக்கு இயல்பாகக் காத்திருப்பதும் 60 விநாடிதான். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் திரையில் `504 Gateway Time-out` வரும். அவர் ரெஃப்ரெஷ் அழுத்துவார், வரிசையில் இன்னொன்று சேரும்.

இதைக் காப்பாற்றுவது பக்கக் கேச். ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பதால் சி.பி.யூ. வேலை கிட்டத்தட்ட இல்லாமல் போகும். முகப்பு, சேலைப் பட்டியல், சேலைப் பக்கம் எல்லாம் கேச்சில் நிற்கும். ஆனால் கார்ட், செக்அவுட், வாடிக்கையாளர் கணக்கு ஆகிய பக்கங்கள் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அவற்றைக் கேச் செய்யக் கூடாது. செய்தால் ஒருவர் முகவரி இன்னொருவர் திரையில் தெரியும் அளவுக்குப் போகும். ஆகவே பத்தில் ஏழு கேச்சிலிருந்து போனாலும், மூன்று பக்கமும் கார்ட் எண்ணிக்கையைப் புதுப்பிக்கும் பின்னணி அழைப்பு ஒன்றும் சேர்ந்து விநாடிக்கு நான்கு பி.எச்.பி.க்கு வரும். ஐந்து தாங்கும் இயந்திரத்தில் நான்கு. ஓடும், ஆனால் மூச்சு வாங்கும்.

எனவே முகப்புப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்த்து ஹோஸ்டிங்கை எடை போடக் கூடாது. அது கேச்சிலிருந்து வருவது, எங்கே வைத்தாலும் வேகமாகத்தான் இருக்கும். எடை போட வேண்டியது கேச் இல்லாத பக்கத்தை. கடையின் சோதனை நகலில், இயங்கும் கடையில் அல்ல, `ab` என்ற சுமைச் சோதனைக் கருவியை இப்படி ஓட்டிப் பாருங்கள்:

```
ab -n 300 -c 10 "https://staging.example.com/shop/?nocache=1"
```

பின்னால் உள்ள `?nocache=1` பெரும்பாலான கேச்களைத் தாண்டிச் செல்லும். வரும் விடையில் `Requests per second` என்ற வரிதான் உங்கள் உண்மையான கொள்ளளவு. வேகத்தைக் கூட்டிச் சொல்லும் விளம்பரங்களை விட இந்த ஓர் எண் மேல்.

## செக்அவுட் விழுந்தால் என்ன ஆகும்

சேலைக் கடைக்கு இது வெறும் வேகப் பிரச்சினை அல்ல. வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் கட்டியதும், பேமென்ட் கேட்வே நம் சர்வரைத் தானாகக் கூப்பிட்டு "இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது" என்று சொல்லும். அதற்குப் பெயர் வெப்ஹுக். அந்த நேரத்தில் நம் சர்வர் 502 அல்லது 504 பிழை கொடுத்தால், பணம் போயிருக்கும், ஆர்டர் `Pending payment` என்றே நிற்கும். கேட்வே மறுபடி முயலும், ஆனால் அது சில நிமிடங்களிலா சில மணி நேரத்திலா என்பது நம் கையில் இல்லை.

இதற்குள் வூகாமர்ஸ் தன் வேலையைச் செய்துவிடும். `Hold stock (minutes)` என்ற அமைப்பில் இயல்பாக 60 இருக்கும். 60 நிமிடத்துக்குள் பணம் வந்ததாகத் தெரியாவிட்டால் ஆர்டரை ரத்து செய்து சரக்கைத் திரும்ப விற்பனைக்கு விடும். ஒரே நிறத்தில் ஒரே ஒரு சேலைதான் இருக்கிறது. அதை இன்னொருவர் வாங்குகிறார். இரண்டு பேரும் பணம் கட்டியிருக்கிறார்கள், சேலை ஒன்று. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது இந்தத் தொலைபேசி அழைப்பை எடுப்பதை விடக் கொடுமை ஏதும் இல்லை. எந்த ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுத்தாலும், சீசனில் இந்த எண்ணை 240 ஆக்கிவிடுவது நல்லது. பணம் கட்டாமல் போனவர்களால் சேலை கொஞ்ச நேரம் முடங்கும், இருமுறை விற்பதை விட அது பரவாயில்லை.

## வழி ஒன்று: வாடகைச் சர்வர்

கூட்ட நேரம். சரியாக அமைத்தால் நன்றாகத் தாங்கும். "சரியாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உபுண்டுவில் பி.எச்.பி.-எஃப்.பி.எம். நிறுவியதும் ஒரே நேரத்தில் பக்கம் தயாரிக்கும் ஐந்து செயல்முறைகளை, அதாவது வேலையாட்களை, மட்டுமே அனுமதிக்கும். கூட்டம் வந்ததும் லாகில் இந்த வரி தெரியும்:

```
WARNING: [pool www] server reached pm.max_children setting (5), consider raising it
```

"கூட்டிப் பாருங்கள்" என்று அதுவே சொல்கிறதே என்று பலர் 100 ஆக்கிவிடுவார்கள். ஒரு வேலையாளுக்குச் சுமார் 80 எம்பி ரேம் என்றால் 100 பேருக்கு 8 ஜிபி வேண்டும். இருப்பது 4. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் அதிக ரேம் பிடித்திருக்கும் செயலியைத் தேடிக் கொல்லும். பெரும்பாலும் அது டேட்டாபேஸாக இருக்கும். திரையில் `Error establishing a database connection` என்று வரும். மெதுவாக இருந்த கடை அடியோடு மூடிவிடும்.

சரியான கணக்கு எளிது. 4 ஜிபியில் டேட்டாபேஸுக்கு 1 ஜிபி, இயங்குதளத்துக்கும் மற்றவற்றுக்கும் 1 ஜிபி ஒதுக்கினால் 2 ஜிபி மிச்சம். அதை 80 எம்பியால் வகுத்தால் 25. கொஞ்சம் இடம் விட்டு `pm.max_children = 20` என்று வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இயந்திரத்தைத்தான் பெரிதாக்க வேண்டும், எண்ணை அல்ல.

கேச்சிலும் ஒரு குழி உண்டு. என்ஜின்எக்ஸுக்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் அமைப்புகளில், முகவரியில் கேள்விக்குறி இருந்தாலே கேச்சைத் தவிர்க்கும் விதி இருக்கும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பில் `?utm_source=whatsapp` என்று இருந்தால், வந்த 1,500 பேரின் முதல் பக்கமும் கேச் இல்லாமல் போகும். விளம்பரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தளம் விழும். `utm_` என்று தொடங்குபவற்றையும் ஃபேஸ்புக் தானாகச் சேர்க்கும் `fbclid`-ஐயும் அந்த விதியிலிருந்து விலக்க வேண்டும், அல்லது செய்தியில் வெறும் முகவரியை அனுப்ப வேண்டும்.

ஏற்றி இறக்குவது. வாடகைச் சர்வரின் உண்மையான பலம் இதுதான். தீபாவளி எந்தத் தேதி என்பது ஓராண்டுக்கு முன்பே நாட்காட்டியில் இருக்கிறது. திடீரென்று வரும் கூட்டத்துக்குத் தானாக விரியும் ஏற்பாடு வேண்டும், தேதி தெரிந்த கூட்டத்துக்கு வேண்டாம். 45 நாளுக்கு முன் பெரிதாக்கி, முடிந்ததும் சிறிதாக்கினால் போதும். டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் சர்வரை அணைத்து, அளவை மாற்றி, மறுபடி ஏற்றச் சில நிமிடம்தான் ஆகும். அங்கே இரண்டு தேர்வுகள் காட்டும்: சி.பி.யூ.வும் ரேமும் மட்டும், அல்லது டிஸ்க்கும் சேர்த்து. டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டால் பிறகு சிறிதாக்கவே முடியாது, பெரிய வாடகை நிரந்தரமாகிவிடும். முதல் தேர்வையே எடுங்கள். சர்வரை அணைத்து வைத்தாலும் வாடகை ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, சி.பி.யூ. நேரத்தைக் கிரெடிட் கணக்கில் தரும் சர்வர்கள். ஒரு கோர் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு கிரெடிட். அமேசானின் `t3.medium`-இல் இரண்டு கோர் இருந்தாலும், ஒவ்வொன்றிலும் 20 விழுக்காடு மட்டுமே தொடர்ந்து நமக்கு உரியது. சும்மா இருக்கும்போது மணிக்கு 24 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 576. இரண்டு கோரும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவாகும். சேரும் 24 போக மணிக்கு 96 குறையும், முழுச் சேமிப்பும் இருந்தால் ஆறு மணி நேரம் ஓடும். அதன் பிறகு, அமைப்பைப் பொறுத்து, ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கும், அல்லது கூடுதல் பில் வரும். காலையில் பறந்த தளம் மாலையில் காரணமே இல்லாமல் ஊர்ந்தால் முதலில் இந்தக் கிரெடிட்டைப் பாருங்கள். சாதாரண நாளில் இதன் குறை தெரியவே தெரியாது, சரியாகத் தீபாவளி வாரத்தில்தான் தெரியும்.

விழுந்தால். எழுப்ப வேண்டியது நீங்கள், அல்லது நீங்கள் கூலி கொடுக்கும் ஒருவர். பல வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு வாராந்தர பேக்கப் தரும். ஆறு நாள் ஆர்டர்களைத் தொலைக்கச் சம்மதமா என்று கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் டேட்டாபேஸை மட்டுமாவது மணிக்கொருமுறை தனியாக எடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் `crontab`-இல் ஒரு வரி:

```
15 * * * * mysqldump --single-transaction kadai | gzip > /backup/kadai-$(date +\%H).sql.gz
```

`%` குறிக்கு முன் உள்ள சாய்கோட்டை விட்டுவிட்டால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு ஓடாமல் போய்விடும். இன்னொரு ஏமாற்று: டேட்டாபேஸ் கடவுச்சொல் மாறி `mysqldump` தோற்றாலும், `gzip` ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி வைக்கும். கோப்பு இருக்கிறது என்று நம்பாமல் அளவைப் பாருங்கள். இந்தக் கோப்புகளை வேறு ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் கட்டாயம். சர்வரோடு பேக்கப்பும் போவது ரொம்பச் சாதாரணமாக நடப்பது.

மறைந்திருக்கும் செலவு. ஆர்டர் மின்னஞ்சல். பல கிளவுட் நிறுவனங்கள் சர்வரிலிருந்து நேரடியாக அஞ்சல் அனுப்பும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும். தனி அஞ்சல் சேவை ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். அடுத்தது பணம் கட்டும் முறை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பதிவு செய்த இ-மேண்டேட் இல்லாமல் இந்திய அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க முடியாது. வெளிநாட்டு நிறுவனம் அதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் பில் தோற்கும், நினைவூட்டல் அஞ்சல் ஸ்பேமில் கிடக்கும், ஒருநாள் சர்வர் நிறுத்தப்படும். முன்பணம் ஏற்றிவைக்க வழி இருந்தால் புரட்டாசியிலேயே மூன்று மாதத்துக்கு ஏற்றிவிடுங்கள். வெளிநாட்டு மேனேஜ்டு நிறுவனத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

## வழி இரண்டு: மேனேஜ்டு ஹோஸ்டிங்

கூட்ட நேரம். மேலே சொன்ன கேச் விதி, வேலையாள் எண்ணிக்கை, டேட்டாபேஸ் ஒதுக்கீடு எல்லாவற்றையும் வூகாமர்ஸுக்கு ஏற்றபடி அமைத்தே தருவார்கள். இதுதான் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் முதல் பயன், சின்னதல்ல. ஆனால் வரம்பு வேறு வடிவத்தில் வரும். பல நிறுவனங்கள் திட்டத்துக்கு இத்தனை பி.எச்.பி. வொர்க்கர், அதாவது மேலே சொன்ன வேலையாள், என்று கட்டுப்படுத்தும். கீழ்த் திட்டங்களில் அது இரண்டோ நான்கோ இருக்கலாம். நம் கடைக்கு விநாடிக்கு நான்கு கேச் இல்லாத அழைப்புகள். ஒவ்வொன்றும் அரை விநாடியில் முடிந்தால் இரண்டு வொர்க்கர் எப்போதும் நிரம்பியே இருக்கும். இடையில் கூரியர் கட்டணம் கேட்கும் பிளக்இன் வெளி சர்வருக்காக மூன்று விநாடி காத்திருந்தால், அந்த மூன்று விநாடியும் ஒரு வொர்க்கர் முடங்கிவிடும். இந்தக் கடைக்கு ஆறு வொர்க்கருக்குக் குறைந்த திட்டத்தைச் சீசனில் வாங்கக் கூடாது.

வேறு சில நிறுவனங்கள் மாத வருகையை எண்ணிக் கட்டணம் போடும். நம் கடைக்குத் தீபாவளி மாதத்தில்தான் வரம்பு தாண்டும், கூடுதல் பில்லும் அந்த மாதத்தில்தான் வரும். தேடுபொறிகளின் பாட்களையும் வருகையாக எண்ணுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றி இறக்குவது. ஏற்றுவது ஒரு பொத்தான். இறக்குவது அப்படி அல்ல. சில இடங்களில் பெரிய திட்டத்திலிருந்து சிறியதற்கு நேரடியாகத் திரும்ப முடியாது. சிறிய சர்வர் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, கடையை நகலெடுத்து, டொமைனை மாற்ற வேண்டும். ஆண்டுச் சந்தா தள்ளுபடியில் வாங்கியிருந்தால் இறங்கவே முடியாமலும் போகலாம். சீசன் கடைக்கு ஆண்டுத் தள்ளுபடி லாபமா நஷ்டமா என்பதைக் கணக்குப் போடாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து மாதம் பெரிய திட்டத்துக்குக் கட்டுவது எந்தத் தள்ளுபடியையும் விழுங்கிவிடும்.

தானாக விரியும் ஆட்டோஸ்கேலிங் என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். புது இயந்திரம் எழுந்து தயாராகச் சில நிமிடம் ஆகும், வாட்ஸ்அப் கூட்டம் முதல் இரண்டு நிமிடத்திலேயே வந்துவிடும். மேலும் விரிவது பி.எச்.பி. மட்டும். எல்லா ஆர்டரும் எழுதப்படும் டேட்டாபேஸ் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக அப்படியே நிற்கும்.

விழுந்தால். இயந்திரம், இயங்குதளம், டேட்டாபேஸ் சேவை விழுந்தால் அவர்கள் எழுப்புவார்கள், பெரும்பாலும் நீங்கள் கவனிப்பதற்கு முன்பே. ஆனால் கடை விழுவது பெரும்பாலும் பிளக்இன் அப்டேட்டால். அதற்கு வாடிக்கையாளர் உதவியில் வரும் பதில் "உங்கள் பிளக்இன்னில் பிழை, உங்கள் டெவலப்பரைக் கேளுங்கள்" என்பதே. ஒப்பந்தப்படி அது சரியான பதிலும்கூட. மேனேஜ்டு என்ற சொல் சர்வரை மட்டுமே குறிக்கிறது, கடையை அல்ல.

இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிளக்இன் உடைகிறது. பலகையில் `Restore` பொத்தான் இருக்கிறது, அதிகாலை மூன்று மணி பேக்கப் இருக்கிறது. அழுத்துகிறார்கள். தளம் திரும்பிவிடும், அன்று பகல் முழுவதும் வந்த ஆர்டர்கள் அழிந்துவிடும். டேட்டாபேஸைத் தொடாமல் கோப்புகளை மட்டும் மீட்கும் தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், கேட்வேயின் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி, அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பணத்துக்கும் ஆர்டரைக் கையால் போடுவதுதான் வழி.

## ஆண்டுக் கணக்கு

டாலர் 85 ரூபாய், ஆள் கூலி மணிக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைச் சர்வர் பத்தரை மாதம் 24 டாலர், ஒன்றரை மாதம் 48 டாலர், பேக்கப் சேமிப்பகம் மாதம் 5 டாலர். மேனேஜ்டு பத்தரை மாதம் 54 டாலர், ஒன்றரை மாதம் 99 டாலர். வாடகைச் சர்வருக்கு மாதம் மூன்று மணி நேரப் பராமரிப்பும் சீசனுக்கு முன் பத்து மணி நேர வேலையும் உண்டு. மேனேஜ்டிலும் பிளக்இன் அப்டேட்டுக்கு மாதம் ஒரு மணி நேரம், சீசனுக்கு முன் ஆறு மணி நேரம் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது.

| | வாடகைச் சர்வர் | மேனேஜ்டு |
|---|---|---|
| ஹோஸ்டிங், பேக்கப் | ₹32,640 | ₹60,820 |
| ஆள் கூலி | ₹36,800 (46 மணி) | ₹14,400 (18 மணி) |
| அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம், 3% | ₹980 | ₹1,820 |
| மொத்தம் | ₹70,420 | ₹77,040 |
| வேலையை வீட்டிலேயே ஒருவர் பார்த்தால் | ₹33,620 | ₹62,640 |
| சர்வர் விழுந்தால் எழுப்புபவர் | நீங்கள் | நிறுவனம் |
| பிளக்இன் உடைந்தால் சரிசெய்பவர் | நீங்கள் | நீங்கள் |
| சீசன் முடிந்து சிறிதாக்குவது | சில நிமிடம் | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் |

இரண்டின் மேலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. பதிவு பெற்ற கடையாக இருந்து, வெளிநாட்டு நிறுவனத்திடம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், வரியை நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் கட்டி உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணைக் கொடுக்காமல் விட்டால் அந்தப் பணம் திரும்பாது.

மாத விலையில் இரண்டு மடங்கு தெரிந்த வித்தியாசம், கூலி சேர்ந்ததும் ஆண்டுக்கு ஆறாயிரத்து அறுநூறு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஆக, மேனேஜ்டில் கூடுதலாகக் கட்டும் பணம் ஒரு பகுதிநேர சர்வர் பராமரிப்பாளரின் சம்பளம். அந்த ஆள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறாரா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

## யாருக்கு எது

லினக்ஸ் லாகைப் படிக்கத் தெரிந்தவர், ஐப்பசி மாதம் முழுவதும் இரவிலும் போனை எடுக்கக்கூடியவர், கடைக்குள்ளேயே ஒருவர் இருந்தால் வாடகைச் சர்வர்தான் சரி. ஆண்டுக்கு 29,000 ரூபாய் மிச்சமாகும், இயந்திரமும் கையில் இருக்கும். பில்லிங் மென்பொருளோடு இணைப்பது, தனியாக ஒரு சரக்குக் கணக்கு நிரலை ஓட்டுவது என்று கடைக்கே உரிய தேவைகள் இருந்தாலும் இதுவே வசதி. மேனேஜ்டில் அவற்றுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

வெளியாளைக் கூலிக்கு வைத்துச் சர்வரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மேனேஜ்டுக்குப் போங்கள். விலை ஏறக்குறைய ஒன்று, ஆனால் அந்த வெளியாளுக்கும் தீபாவளி உண்டு. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அவர் ஊருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பார். இந்த ஒரு காரணமே போதும்.

மாதம் 50 ஆர்டருக்குக் குறைவாக, சீசனிலும் 200-ஐத் தாண்டாத கடைக்கு இரண்டுமே கொஞ்சம் அதிகம். அதற்குக் கீழ்நிலை மேனேஜ்டு திட்டம் ஒன்றே தாங்கும், சீசனுக்குப் பெரிதாக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பாமல், பட்டியலை நான்காகப் பிரித்து இருபது நிமிட இடைவெளியில் அனுப்பினால் உச்சம் கால்வாசியாகிவிடும். பெரிய கடைகளும் இதைச் செய்யலாம். சர்வரைப் பெரிதாக்குவதை விட மலிவான வழி இதுதான், ஆனால் எந்த ஹோஸ்டிங் நிறுவனமும் இதைச் சொல்லித் தராது.

## மாற்றுவதென்றால் எப்போது, எப்படி

தீபாவளிக்கு ஆறு வாரத்துக்குள் மாற்ற வேண்டாம். அதற்குள் வந்துவிட்டால் இருக்கும் இடத்திலேயே பெரிதாக்கிச் சமாளித்து, கார்த்திகையில் மாற்றுங்கள். பொங்கல் கூட்டம் புது இடத்துக்கு நல்ல சோதனையாக இருக்கும்.

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டி.என்.எஸ்.ஸில், பழைய முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். மதிப்பை 300 விநாடியாகக் குறையுங்கள். ஆர்டர் குறைவாக வரும் அதிகாலை நேரத்தில் பழைய கடையைப் பராமரிப்பு நிலையில் வைத்து, அதன் பிறகே டேட்டாபேஸை நகலெடுங்கள். வரிசையை மாற்றினால், நகலெடுத்ததற்கும் டொமைன் மாறியதற்கும் இடையில் வந்த ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். புது இடத்தில் ஐ.பி. முகவரி வேறு என்பதால், பழைய ஐ.பி.யை மட்டும் அனுமதிக்கும் கூரியர் அல்லது எஸ்.எம்.எஸ். சேவைகள் சத்தமில்லாமல் நின்றுபோகும். அவர்களுக்குப் புது ஐ.பி.யை முன்கூட்டியே கொடுங்கள். கடையைத் திறக்கும் முன் ஒரு ரூபாய் விலையில் ஒரு பொருளைப் போட்டு, யு.பி.ஐ.யில் உண்மையாகவே பணம் கட்டி, ஆர்டர் தானாக `Processing` என்று மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் வெப்ஹுக் வேலை செய்கிறது. பழைய சர்வரை இன்னும் இரண்டு வாரம் வாடகை கட்டி வைத்திருங்கள், டிஸ்க்கைத் துடைக்க அவசரம் இல்லை.